மரம்: மூன்று எழுத்தா, நான்கா, ஐந்தா?

ஓர் அலுவலகத்தின் அடையாள அட்டையில் "மீனாட்சிசுந்தரம்" என்ற பெயர் "மீனாட்சிசுந்தரம" என்று அச்சாகி வந்தது. கடைசிப் புள்ளியைக் காணோம். அச்சு இயந்திரத்தில் கோளாறு என்றார்கள், எழுத்துருவில் கோளாறு என்றார்கள். கடைசியில் நிரலில் இருந்த ஒரே ஒரு வரிதான் காரணம் என்று தெரிந்தது: பெயர் 15-க்கு மேல் போனால் வெட்டிவிடு.

அதைக் கண்டுபிடித்த நண்பர் மற்ற புரோகிராமர்களுக்காக ஒரு குறிப்பு எழுதினார். அது இது:

> பைத்தானின் `len()` கோட் பாயின்ட்களை எண்ணும், கிராஃபீம் கிளஸ்டர்களை அல்ல. இந்திய மொழி ஸ்ட்ரிங்குகளில் ஸ்லைஸிங் செய்தால் கம்பைனிங் மார்க் பிரிந்துவிடும். `regex` தொகுப்பின் `\X` கொண்டு பிரிக்கவும். ஒப்பிடும் முன் NFC-க்கு நார்மலைஸ் செய்யவும்.

இதில் பிழை எதுவும் இல்லை. விஷயம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் படித்துவிட்டுத் தம் நிரலைத் திருத்தப் போய்விடுவார். ஆனால் என் அக்கா மகள் இப்போதுதான் கல்லூரி முதலாண்டில் பைத்தான் தொடங்கியிருக்கிறாள். அவளிடம் காட்டினேன். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. அவளுக்காக இதை ஏழெட்டு வரியில் திருப்பி எழுதிப் பார்த்தேன். அது எப்படி நடந்தது, எங்கே வழுக்கியது என்பதைச் சொல்கிறேன். அந்த வழியில் `len()` பற்றிய விஷயமும் முழுதாக வந்துவிடும்.

முதலில் குறிப்பைப் பிரித்துப் பார்த்தேன். வரிகள் குறைவுதான், ஆனால் உள்ளே நான்கு விஷயங்கள் இருக்கின்றன: எண்ணுவது, வெட்டுவது, சரியாகப் பிரிப்பது, ஒப்பிடுவது. இவற்றில் எது தெரியாவிட்டால் மற்ற மூன்றும் புரியாது என்று கேட்டுக்கொண்டேன். எண்ணுவதுதான். கணினி எதை ஒன்று என்று எண்ணுகிறது என்று தெரிந்தவருக்கு, வெட்டினால் ஏன் புள்ளி போகிறது என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே மற்ற மூன்றையும் எடுத்துவிட்டேன். குறிப்பிலேயே மிக உபயோகமான வரி `\X` உள்ள வரி. அதை நீக்கத்தான் மனம் வரவில்லை. ஆனாலும் நோய் என்னவென்று தெரியாதவருக்கு மருந்தின் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

அடுத்து, கலைச்சொற்கள். கோட் பாயின்ட் என்பதற்கு "குறிப்புள்ளி" என்று ஒரு தமிழ்ச்சொல் வைத்தால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். முடியாது. தெரியாத ஆங்கிலச் சொல்லின் இடத்தில் தெரியாத தமிழ்ச் சொல் வந்து உட்காரும், அவ்வளவுதான். அதுவும் எழுத்தின் மேல் வைக்கும் புள்ளியைப் பற்றியே பேசப் போகிறோம், அங்கே "குறிப்புள்ளி" பெருங்குழப்பம். நான் "துண்டு" என்று எழுதினேன். கணினி ஒரு சொல்லைத் துண்டு துண்டாகச் சேமிக்கிறது, `len()` அந்தத் துண்டுகளை எண்ணுகிறது. இதற்கு விளக்கம் தேவையில்லை. துண்டு என்னவென்று கண்ணால் பார்த்த பிறகு, அதற்கு யூனிகோடில் கோட் பாயின்ட் என்று பெயர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்போது எடுத்துக்காட்டு. "தமிழ்" என்ற சொல்லைத்தான் எடுத்தேன். யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பார்கள்.

```python
print(len("தமிழ்"))
```

விடை 5. கண்ணுக்குத் தெரிவது த, மி, ழ் என மூன்று எழுத்து. கணினி வைத்திருப்பது த, ம, ி, ழ, ் என ஐந்து துண்டு. இதைப் படித்துவிட்டு அவள், "புரியுது சித்தி, 5 தானே வரணும்" என்றாள். எனக்குத் திருப்தி. பிறகு ஒரு யோசனை வந்து, "சரி, மரம் என்று கொடுத்தால் எத்தனை வரும்? ஓட்டிப் பார்க்காமல் சொல்" என்றேன்.

"அதுவும் 5."

எப்படி என்று கேட்டேன். தாளில் எழுதிக் காட்டினாள்: ம் + அ + ர் + அ + ம்.

அவள்மேல் தவறில்லை. பள்ளியில் நாம் எல்லோரும் படித்தது அதுதான். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய், க் + இ = கி. அந்தக் கணக்கில் "தமிழ்" என்பதும் த் + அ + ம் + இ + ழ், அதாவது ஐந்துதான். இலக்கணக் கணக்கும் கணினிக் கணக்கும் இந்த ஒரு சொல்லில் தற்செயலாக ஒன்றாக வந்துவிட்டன. என் எடுத்துக்காட்டு அவளுக்குச் சரியான விடையைக் கொடுத்து, தவறான புரிதலை மறைத்துவிட்டது. நான் "மரம்" பற்றிக் கேட்காமல் விட்டிருந்தால் இருவருக்குமே இது தெரிந்திருக்காது.

"மரம்" வேறு மாதிரி. கண்ணால் எண்ணினால் ம, ர, ம் என்று மூன்று. இலக்கணப்படி ஒலியாகப் பிரித்தால் ஐந்து. `len()` சொல்வது நான்கு. மூன்று கணக்குக்கும் மூன்று வேறு விடைகள், ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொள்ள முடியாது. அன்றே "தமிழ்" என்ற எடுத்துக்காட்டைத் தூக்கிவிட்டு "மரம்" வைத்தேன். மூன்றே எழுத்து என்பதால் ஒரு வரிகூடக் கூடவில்லை.

நான்கு எப்படி வருகிறது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ் படித்தவர் தடுமாறும் இடம் இதுதான். இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, "ம்" என்பதோடு "அ" சேர்ந்தால்தான் "ம". கணினியில் இது தலைகீழ். அங்கே "ம" தான் ஒரே துண்டு. அதோடு புள்ளி என்ற இன்னொரு துண்டு சேர்ந்தால் "ம்". அதாவது மெய்யெழுத்துக்கு இரண்டு துண்டு, அகர உயிர்மெய்க்கு ஒரே துண்டு. இந்த ஏற்பாடு 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்ற இந்தியத் தரத்திலிருந்து யூனிகோடுக்கு வந்தது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் ஒரே அமைப்பு இருக்கட்டும் என்று, எல்லா மெய்யும் அகரத்தோடே பிறக்கிறது, அகரத்தை நீக்க ஒரு குறி வேண்டும் என்ற முறையை அதில் வைத்திருந்தார்கள். யூனிகோடின் பட்டியலில் நம் புள்ளிக்குப் பெயரே விராமம்தான். 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. டேஸ்16 என்ற குறியாக்கம் அப்படி அமைந்ததுதான், தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. ஆனால் நம் கைப்பேசியும் பைத்தானும் பேசுவது யூனிகோடு.

இவ்வளவையும் குறிப்பில் எழுதினால் அது குறிப்பாக இருக்காது. எழுதுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும், "இலக்கணம் வேறு, இது வேறு" என்ற ஒரே வரியைச் சரியான இடத்தில் வைக்க அது உதவும்.

துண்டுகளைக் காட்டுவதிலும் ஒரு சிக்கல் வந்தது. முதலில் `print(list("மரம்"))` என்று எழுதினேன். திரையில் கடைசிப் புள்ளி மேற்கோள் குறியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது, பார்ப்பவருக்கு மூன்று எழுத்தும் ஒரு காலி இடமும்தான் தெரிந்தது. கணினியைப் பொறுத்தவரை புள்ளி தனக்கு முன்னால் எது இருந்தாலும் அதன்மேல் ஏறப் பார்க்கும். அதனால் ஒவ்வொரு துண்டையும் தனி வரியில், அதன் யூனிகோடு பெயரோடு அச்சிட்டேன். பெயர் இருந்தால், சில திரைகளில் தனிப் புள்ளி சரியாகத் தெரியாவிட்டாலும் துண்டு அங்கே இருப்பது தெரியும்.

திருத்தி எழுதிய குறிப்பு இப்படி வந்தது:

> "மரம்" என்பதில் உங்கள் கண்ணுக்கு மூன்று எழுத்து. `len("மரம்")` கொடுத்துப் பாருங்கள், 4 வரும். கணினி ம, ர, ம, புள்ளி என்று நான்கு துண்டாக வைத்திருக்கிறது, `len()` எண்ணுவது துண்டுகளை. (மெய் + உயிர் என்று இலக்கணத்தில் பிரிப்போமே, அது வேறு கணக்கு.) கீழே உள்ளதை ஓட்டினால் துண்டுகளைப் பார்க்கலாம். ஒரு துண்டுக்கு கோட் பாயின்ட் என்று பெயர்.

```python
import unicodedata

for c in "மரம்":
    print(c, unicodedata.name(c))
```

ஓட்டினால் இது வரும்:

```
ம TAMIL LETTER MA
ர TAMIL LETTER RA
ம TAMIL LETTER MA
் TAMIL SIGN VIRAMA
```

இதைப் படித்தவரிடம் மீனாட்சிசுந்தரம் கதையைச் சொன்னால், அவரே விடுவித்துவிடுவார். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம் என்று ஒன்பது எழுத்து. இதில் த, ர இரண்டும் ஒற்றைத் துண்டு, மற்ற ஏழும் இரட்டைத் துண்டு. மொத்தம் 16. பதினைந்தில் வெட்டினால் பதினாறாவது துண்டு போகும், அது கடைசி "ம்" மேலிருந்த புள்ளி. அட்டையில் ஒன்பது எழுத்துக்குத் தாராளமாக இடம் இருந்தது. வெட்டவே தேவைப்படாத ஒரு பெயரை வெட்டியிருக்கிறார்கள்.

இதே பெயர் பதினான்கில் வெட்டப்பட்டிருந்தால் "மீனாட்சிசுந்தர" என்று முழு எழுத்தே போயிருக்கும், அன்றே யாராவது கவனித்திருப்பார்கள். புள்ளி மட்டும் போனதால்தான் அச்சுப் பிழை என்று எல்லோரும் நினைத்தார்கள். இந்த வகைப் பிழையை அடையாளம் காண இது ஒரு நல்ல வழி: நீளமான பெயர்களில் மட்டும், அதுவும் கடைசி எழுத்தில் மட்டும் புள்ளியோ கொம்போ காலோ காணாமல் போகிறதென்றால், எங்கோ ஒரு வெட்டு நடக்கிறது.

நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்தைச் சொல்லலாம். சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் நண்பரின் `\X` நல்ல வழி, ஆனால் அதற்குத் தனித் தொகுப்பை நிறுவ வேண்டும், அந்த இரண்டெழுத்துக்குள் என்ன நடக்கிறது என்று கற்பவருக்குத் தெரியாது. அதைவிட ஒரு சின்ன ஃபங்ஷனைக் கையால் எழுதிக் காட்டுவது மேல். யூனிகோடு ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. புள்ளி, கொம்பு, கால் போன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொள்பவற்றின் வகை `M` என்று தொடங்கும். ஒட்டும் துண்டு வந்தால் முந்தையதோடு சேர், மற்றது வந்தால் புதிய எழுத்தாகத் தொடங்கு. யோசனை அவ்வளவுதான்.

```python
def split(word):
    out = []
    for c in word:
        if out and unicodedata.category(c)[0] == "M":
            out[-1] += c
        else:
            out.append(c)
    return out
```

`len(split("மரம்"))` இப்போது 3. பெயரை வெட்ட வேண்டுமென்றால் `"".join(split(name)[:15])` என்று எழுதலாம், புள்ளி தன் எழுத்தோடேயே இருக்கும்.

இதை நண்பரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "லக்ஷ்மி என்று கொடுத்தால்?" என்பதுதான். சரியான கேள்வி. நம் கண்ணுக்கு ல, க்ஷ், மி என மூன்று. இந்த ஃபங்ஷன் ல, க், ஷ், மி என்று நான்காகப் பிரிக்கும், ஏனென்றால் "ஷ" ஒட்டும் துண்டு அல்ல, அது தனி எழுத்து. "ஸ்ரீ" என்பதும் இப்படியே இரண்டாகும். எளிமையாக்கும்போது ஒன்றை விடுவதற்கும் பொய் சொல்வதற்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது. "இந்த ஃபங்ஷன் தமிழ் எழுத்துகளைச் சரியாக எண்ணும்" என்று எழுதினால் அது பொய். அதனால் குறிப்பின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "க்ஷ, ஸ்ரீ ஒவ்வொன்றையும் இது இரண்டு எழுத்தாக எண்ணும்." காரணம் எழுதவில்லை. இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால், நடக்கும்போது கற்பவர் பயப்படமாட்டார்.

இனி அக்கா மகளிடம் திரும்புகிறேன். புதிய குறிப்பைப் படிக்கக் கொடுத்துவிட்டு, இம்முறையும் விடை தெரியாத ஒரு சொல்லைக் கேட்டேன்: `len("கொக்கு")` எத்தனை?

"ஏழு" என்றாள். க, கொம்பு, கால், க, புள்ளி, க, உகரச் சுழி என்று விரல் விட்டு எண்ணினாள்.

நான் எதிர்பார்த்தது ஆறு. "கொ" என்பதில் க-வுக்கு இடப்பக்கம் ஒரு கொம்பும் வலப்பக்கம் ஒரு காலும் கண்ணுக்குத் தெரிந்தாலும், யூனிகோடில் இரண்டும் சேர்ந்த "ொ" என்பதற்கு ஒரே துண்டு உண்டு. என் கணினியில் ஓட்டினோம், 6 வந்தது. அவள் முகம் வாடியது. ஆனால் இம்முறை அவள் நினைத்த விதம் சரி. துண்டு என்றால் என்னவென்று பிடித்துக்கொண்டாள், எது ஒரு துண்டு என்பதில்தான் வித்தியாசம். முதல் முறை சொன்ன ஐந்துக்கும் இந்த ஏழுக்கும் உள்ள தூரம் பெரிது. குறிப்பு வேலை செய்திருக்கிறது என்று எனக்கு உறுதியானது இந்தத் தவறான விடையில்தான்.

அதோடு, ஏழும் வரக்கூடிய விடைதான். கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வைத்தும் "கொ" எழுத முடியும், திரையில் வேறுபாடு தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இப்படி வருவதுண்டு. நண்பரின் குறிப்பில் கடைசி வாக்கியம் நினைவிருக்கிறதா, ஒப்பிடும் முன் நார்மலைஸ் செய்யவும் என்று? அது இதற்குத்தான். அன்று நான் எடுத்து ஓரமாக வைத்ததை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாவது குறிப்பு பிறந்தது:

> இரண்டும் "கொ" தான், கண்ணால் பார்த்தால் ஒன்றுதான். கணினி இல்லை என்கிறது. முதலாவது இரண்டு துண்டு, மற்றது மூன்று துண்டு. `normalize` மூன்றை இரண்டாக்கும்.

```python
import unicodedata

a = "\u0b95\u0bca"
b = "\u0b95\u0bc6\u0bbe"
print(a, b, a == b)
print(a == unicodedata.normalize("NFC", b))
```

முதல் வரி `கொ கொ False` என்றும் அடுத்தது `True` என்றும் வரும். இந்தச் சங்கடம் ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்க்குறிகளிலும், "ஔ" என்ற உயிரெழுத்திலும் மட்டும் வரும். எழுத்தை எண்ணுவதற்கு இதனால் பாதகமில்லை, கொம்பும் காலும் இரண்டுமே ஒட்டும் துண்டுகள் என்பதால் `split` இரண்டு வடிவத்திலும் "கொக்கு" மூன்றெழுத்து என்றே சொல்லும். தேடும்போதும் ஒப்பிடும்போதும்தான் மாட்டுவோம். பட்டியலில் பெயர் கண்முன்னே இருக்கும், தேடினால் "இல்லை" என்று வரும்.

நார்மலைஸ் சரிசெய்யாத ஒன்றும் உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன். "கௌதம்" என்று அடிப்பதற்குப் பதில் க, கொம்பு, பிறகு ள என்ற எழுத்தையே போட்டு "கெளதம்" என்று பலர் அடிக்கிறார்கள். ஔகாரக் குறியின் வலப்பகுதி ள போலவே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கணினிக்கு அது கெ, ள, த, ம் என்ற நான்கு எழுத்து. யூனிகோடைப் பொறுத்தவரை அங்கே தவறாக எதுவும் இல்லை, ஆகவே `normalize` தொடாது. `split` செய்து எண்ணினால் மூன்று வர வேண்டிய இடத்தில் நான்கு வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

"அப்போ ெள வர்ற இடத்திலெல்லாம் ௌ போட்டு மாத்திடலாமே, சித்தி?"

செய்து பார் என்றேன். கௌதம் சரியாகிவிட்டது. அடுத்த வரியில் இருந்த "வெள்ளம்" கெட்டுப்போனது.